தாளில் வராத ரத்தம்

காலை பத்து இருபத்தைந்துக்கு அண்ணி குளியலறைக் கதவின் அடியில் ஒரு தாளை வெளியே தள்ளினார்.

"படிச்சுப் பாரு. எல்லாம் கட்டுக்குள்ளதான் இருக்கு. நீ கிளாஸுக்குக் கிளம்பு."

கோடு போட்ட தாள். அளவுகோல் வைத்துக் கட்டம் கட்டியிருந்தார். மணி, எத்தனையாவது பேட், எவ்வளவு நனைந்தது, வலி எப்படி என்று நான்கு பத்திகள். அண்ணி பட்டன் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். ஆயிரம் பட்டனில் ஒன்றுக்கு ஓட்டை மயிரிழை தள்ளிப் போயிருந்தாலும் எடுத்து வெளியே போட்டுவிடுவார். கலைந்து போகிற தன் கர்ப்பத்தையும் அதே கையெழுத்தில், அதே கட்டத்தில் எழுதி வைத்திருந்தார்.

சத்தமாக வாசித்தேன். "ஏழு டு எட்டு, ஒரு பேட், முழுசு. எட்டு டு ஒன்பது, ஒரு பேட், முழுசு. ஒன்பது இருபது, சதைக்கட்டி வந்தது. ஒன்பதரை டு பத்தரை, ஒரு பேட், கால்வாசி."

"பத்தரை இன்னும் ஆகலையே அண்ணி."

"அஞ்சு நிமிஷத்துல என்ன ஆகிடப் போகுது. ரொம்பத்தான் ஆபீசர் மாதிரி பேசாத."

என் வேலை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. அன்றைய மாணவியான லாண்டரிக் கடை அக்காவைத் தெருவில் காரோடு விட்டுவிட்டு, ஒரு நிமிஷம் என்று வீட்டுக்குள் ஓடி வந்திருந்தேன். அண்ணன் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்க்கிறவன். மாலை நாலு மணிக்குத்தான் அவனுடைய போன் வரும். கிளம்பும்போது அவன் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம். "அவ வலிக்குதுன்னு சொல்ல மாட்டா, நீதான் பாத்துக்கணும்."

பார்த்துக்கொள்வதில் நான் ஏற்கெனவே ஒரு தடவை அசடு வழிந்தாயிற்று. அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அன்று காலை நான் செய்த தப்பு உங்களுக்குப் புரியாது.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு மாலை, அண்ணியின் உள்ளாடையில் பழுப்பாக ஒரு கறை. அவ்வளவுதான். நான் அவரைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு, சிவப்பு விளக்கைக்கூட மதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். மகப்பேறுப் பிரிவில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு சிஸ்டர் நிதானமாகக் கேட்டார்: "வலி இருக்கா? ஒரு பக்கமா குத்துதா? தோள்பட்டை வலிக்குதா? தலை சுத்துதா?" எல்லாவற்றுக்கும் இல்லை. "அப்ப நாளைக்குக் காலையில ஸ்கேன் ரூமுக்கு வந்தாப் போதும். இந்த அளவு கறை நிறைய பேருக்கு வரும். பாதிப் பேருக்கு மேல கர்ப்பம் நல்லாவே போகும். இப்ப கேட்டேனே, அதுல ஒண்ணு வந்தா மட்டும் ஒரு நிமிஷம் காத்திருக்காதீங்க." பக்கத்து நாற்காலியில் கையில் குழந்தையோடு காத்திருந்த பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்தார். திரும்பி வரும் வழியெல்லாம் அண்ணியின் நக்கல். "என் நாத்தனாருக்கு லைசன்ஸ் கொடுத்தவனைத்தான் தேடிட்டிருக்கேன்."

மறுநாள் ஸ்கேனில் கர்ப்பம் குழாயில் தங்கிவிடாமல் கருப்பைக்குள்தான் இருந்தது. ஆனால் நாள் கணக்குக்கு வளர்ச்சி போதவில்லை, துடிப்பு தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடியும் பார்த்தார்கள். வளரவே இல்லை. மாத்திரை போடலாம், சின்ன அறுவை மாதிரி செய்து எடுத்துவிடலாம், தானாக வெளியேறும்வரை வீட்டில் காத்திருக்கலாம் என்று டாக்டர் மூன்று வழி சொன்னார். அண்ணி மூன்றாவதைக் கேட்டார். கையில் ஒரு சீட்டு கொடுத்து அனுப்பினார்கள். மாதவிலக்கை விட அதிகமாக ரத்தம் போகும், பிசைந்து வலிக்கும், கட்டியும் சதையும் வரும், அது வந்தபின் ரத்தம் குறையும், இதெல்லாம் வீட்டிலேயே ஆகலாம். ஒரு மணி நேரத்தில் பெரிய பேட் இரண்டு முழுக்க நனைந்து, அடுத்த மணி நேரமும் அப்படியே போனால் உடனே வர வேண்டும். மயக்கம், காய்ச்சல், துர்நாற்றம், மாத்திரைக்கு அடங்காத வலி இருந்தாலும் அதே.

அன்று காலை ஏழு மணிக்கு அது ஆரம்பித்தது. அண்ணி அளவுகோலை எடுத்தார்.

சீட்டில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். எடுத்தது அந்த மூக்குக்கண்ணாடி சிஸ்டரேதான். குரலிலேயே தெரிந்தது. எனக்குக் காது சுட்டது.

"சிஸ்டர், நான் போன மாசம்..."

"ஞாபகம் இருக்கு. கார்ல பறந்து வந்தீங்களே. சொல்லுங்க."

தாளை வரி விடாமல் வாசித்தேன். கேட்டுக்கொண்டே இருந்தார்.

"வந்த சதையை வெச்சிருக்காங்களா?"

"மூடி போட்ட டப்பாவுல வெச்சிருக்காங்க. சுத்தமா கழுவின டப்பாவாம். மேல தேதி எழுதி ஒட்டியிருக்காங்க."

"அவங்களை நான் வேலைக்கு வெச்சுக்கலாம் போல. சரி, அது வந்தப்புறம் குறைஞ்சிருக்கு, அப்படித்தான் ஆகணும். தலைசுத்தல், படபடப்பு ஏதாவது?"

கதவைத் தட்டிக் கேட்டேன்.

"லேசா தலை கிறுகிறுங்குது," என்றார் அண்ணி உள்ளிருந்து. "காலையில எதுவும் சாப்பிடலை இல்ல, அதான். இதைப் போய் பெருசா சொல்லாத. மறுபடியும் ஊரைக் கூட்டாத."

நான் போனில் சொன்னேன்: "இல்லையாம் சிஸ்டர்."

இதுதான் அந்தத் தப்பு. இரண்டாவது தடவையும் ஒன்றுமில்லாததற்கு ஓடி வந்தவள் என்று பெயர் வாங்கக் கூடாதென்று, வாயில் வந்ததை விழுங்கிவிட்டேன்.

"அப்ப வீட்லயே இருக்கட்டும். வலி மாத்திரை ஆறு மணி நேரத்துக்கு ஒண்ணு. ரத்தம் மறுபடி கூடினா கூப்பிடுங்க. தனியா விடாதீங்க."

"நான் பக்கத்துலயே கிளாஸ் எடுக்கிறேன் சிஸ்டர், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து பாத்துப்பேன்," என்று சமாளித்துவிட்டு, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

எங்கள் வீட்டுத் தெரு நல்ல ஏற்றம். வாசலில் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஓட்டுநர் இருக்கையில் லாண்டரிக் கடை அக்கா, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, நிற்கிற வண்டியையே ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் டிரைவிங் பள்ளியில் அவருக்கு பிரேக் அக்கா என்று பெயர். இது அவருடைய பத்தொன்பதாவது வகுப்பு. இதுவரை அவர் கற்றுக்கொண்டது அந்த ஒரு பெடலைத்தான். பின்சீட்டில் டெலிவரி கொடுக்க வேண்டிய வெளுத்த விரிப்பு மூட்டை ஒன்று கிடந்தது.

"டீச்சர், பெட்ரோல் யாரோ உறிஞ்சிட்டாங்க. கீழ ரோட்ல வரும்போது முள்ளு பாதியில இருந்துச்சு. இப்பப் பாருங்க, அடியில கிடக்கு."

"யாரும் உறிஞ்சலை அக்கா. வண்டி சாஞ்சு நிக்குதுல்ல, டேங்க்ல பெட்ரோல் ஒரு பக்கமா ஒதுங்கிடும். முள்ளு தப்பா காட்டும். சமமா நிக்கும்போது காட்டுறதுதான் நிஜம்."

சொல்லிக்கொண்டே கதவைத் திறக்கப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

வண்டி எப்படி நிற்கிறது என்று பார்க்காமல் முள்ளை மட்டும் பார்த்துப் பயனில்லை. நான் தாளை வாசித்தேன். சிஸ்டர் கேட்டுக்கொண்டார். நான் பேசிக்கொண்டிருந்த அந்த ஐந்து நிமிஷத்தில் குளியலறைக்குள் ஃப்ளஷ் தொட்டி இரண்டு தடவை நிரம்பிய சத்தம் கேட்டதே.

திரும்பி ஓடினேன்.

"அண்ணி, ஒன்பதரைக்குப் போட்ட பேட் இப்ப எங்க?"

"இங்கதான் ஸ்டூல் மேல வெச்சிருக்கேன். ஏன்?"

"போட்டுக்கலையா?"

"போட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எழுந்தா ஒழுகுது, வலி வேற விட்டு விட்டு வருது. அதான் டாய்லெட்லயே உக்காந்துட்டேன். இங்க உக்காந்தா எல்லாம் நேரா கீழ போயிடுது, வசதியா இருக்கு."

"எவ்ளோ நேரமா?"

"கட்டி வந்து, அந்தப் பேட் போட்ட கொஞ்ச நேரத்துலேருந்து."

கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். பேட்டில் கால்வாசி. மிச்சம் எல்லாம் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்தது.

"எத்தனை தடவை ஃப்ளஷ் பண்ணீங்க?"



"அதுக்கு நான் கட்டம் போடலையேடி," என்றார். குரல் எங்கேயோ தூரத்திலிருந்து வந்தது.

"கதவைத் திறங்க."

தாழ்ப்பாள் உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டுகிற தூரம்தான். இரண்டு தடவை கை நழுவி மூன்றாவது தடவைதான் திறந்தார். உதட்டுக்கும் கன்னத்துக்கும் நிற வித்தியாசம் இல்லை. நெற்றியில் பொடிப்பொடியாக வியர்வை. கீழே தண்ணீர் முழுக்கச் சிவப்பு, அதில் எலுமிச்சம்பழ அளவில் கட்டிகள். நான் கையைப் பிடித்ததும், "ஒண்ணுமில்ல, எழுந்திருச்சா சரியாயிடும்" என்று எழுந்தார். எழுந்தவர் அப்படியே என் தோளில் சரிந்தார்.

"அக்கா" என்று நான் போட்ட கூச்சலில் பிரேக் அக்கா ஹாண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, அதைக்கூட மறக்கவில்லை, உள்ளே ஓடி வந்தார். இரண்டு பேருமாக அண்ணியைக் கூடத்துத் தரையில் படுக்க வைத்தோம். கண் திறந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"சிஸ்டர், நான் தப்பா சொல்லிட்டேன். ஒரு மணி நேரமா டாய்லெட்லயே உக்காந்திருந்தாங்க, பேட் போடவே இல்லை. எல்லாம் வெளியில போயிருக்கு. தலை கிறுகிறுங்குதுன்னு அப்பவே சொன்னாங்க, நான்தான் உங்ககிட்ட சொல்லலை. இப்ப எழுந்ததும் மயக்கம் போட்டுட்டாங்க."

சிஸ்டர் ஒரு சொல்லும் குற்றம் சொல்லவில்லை. குரல் மட்டும் இரண்டு மடங்கு வேகமானது.

"பேசுறாங்களா?"

"பேசுறாங்க."

"கை எப்படி இருக்கு?"

"ஜில்லுனு, ஈரமா."

"படுத்தே இருக்கட்டும், காலை உசத்தி வைங்க. குடிக்க, சாப்பிட எதுவும் கொடுக்காதீங்க. ஆம்புலன்ஸை இன்னொரு லைன்ல கேக்கிறேன், இருங்க... இருபது நிமிஷம்ங்கிறாங்க. உங்க வீட்டுலேருந்து இங்க எவ்ளோ?"

"எட்டு நிமிஷம். வாசல்ல வண்டி நிக்குது. நான்தான் ஓட்டுவேன்."

"கூட ஆள் இருக்காங்களா? பின்னாடி அவங்களோட யாராவது இருக்கணும்."

"நான் இருக்கேன்," என்றார் பிரேக் அக்கா, யாரும் கேட்பதற்கு முன்னாலேயே.

"அப்ப கிளம்புங்க. பின்சீட்ல படுக்க வைங்க, காலை உசத்தியே வைங்க. பேசிட்டே வரணும். பதில் சொல்றது நின்னா உடனே சொல்லுங்க. லைனைக் கட் பண்ணாதீங்க. அந்த டப்பாவையும் எடுத்துக்கோங்க."

பிரேக் அக்கா மூட்டையை அவிழ்த்து, வெளுத்து மடித்த நாலு விரிப்பை உருவினார். ஒன்றில் அண்ணியைக் கிடத்தித் தூக்கினோம், ஒன்றைச் சீட்டில் விரித்தோம், மிச்சம் இரண்டைச் சுருட்டிக் காலுக்குக் கீழே வைத்தோம்.

"வெள்ளை விரிப்பு," என்றார் அண்ணி, கண்ணை மூடிக்கொண்டே. "கறை போகாது."

"கறை எடுக்கிறது என் தொழில். நீ பேசாம, இல்ல இல்ல, பேசிக்கிட்டே வாம்மா," என்றார் பிரேக் அக்கா.

இறக்கத்தில் வண்டி உருண்டது. நாலு விளக்கையும் மின்னவிட்டு, ஹாரனில் கையை வைத்தேன். எல் போர்டு போட்ட கார் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தால் யாரும் வழிவிட மாட்டார்கள், சிரிப்பார்கள். ஒரு ஸ்கூட்டர்காரர் தலையை நீட்டி, "மெதுவா, மெதுவா, முதல்ல கிளட்ச் கத்துக்கோ" என்று எனக்கே பாடம் எடுத்தார். பதினோரு வருஷமாகக் கற்றுக்கொடுக்கிறேன். அவரைத் தாண்டிய வேகத்தில் அவருடைய அடுத்த வாக்கியம் கேட்கவில்லை.

"பட்டன் கம்பெனியிலயா வேலை?" பின்னால் பிரேக் அக்கா. "நாலு ஓட்டை பட்டன் ஏன் சட்டைக்கு, ரெண்டு ஓட்டை ஏன் ரவிக்கைக்கு? இருபது வருஷமா எனக்குச் சந்தேகம்."

"அப்படி... ஒண்ணும்... ரூல் இல்லை."

"இருக்கு. என் கடைக்கு வர்ற துணியெல்லாம் அப்படித்தான் இருக்கு."

"இல்லைங்கிறேன்ல."

"டீச்சர், கோபம் வருது, நல்லா இருக்காங்க."

போனில் சிஸ்டர், "அப்படியே சண்டை போடுங்க" என்றார்.

கடைத்தெருவுக்குள் திரும்பினேன். மூன்று நிமிஷம் மிச்சமாகும் குறுக்கு வழி. பாதி தூரம் போனதும் எதிரே ஒரு லாரி, தெருவை அடைத்துக்கொண்டு, பின்கதவு திறந்து, டைல்ஸ் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தது. டிரைவரைக் காணோம். இறக்குகிற ஆள், "டீ குடிக்கப் போயிருக்கார், அஞ்சு நிமிஷம்" என்று ஐந்து விரலைக் காட்டினான்.

கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் இருநூறு அடி நீளத்துக்கு இரண்டு பக்கமும் நிறுத்திய வண்டிகள். நடுவில் ஒரு கார் போகிற அகலம், இந்தப் பக்கம் ஒரு சாண், அந்தப் பக்கம் ஒரு சாண்.

"அக்கா, ரிவர்ஸ் எடுக்கப் போறேன். அவங்களைப் பிடிச்சுக்கோங்க."

"ரிவர்ஸா? பத்தொன்பது கிளாஸ்ல அதை எனக்குச் சொல்லித்தரலையே."

"இன்னைக்குப் பாத்துக்கோங்க."

உடம்பைத் திருப்பி, இடது கையைப் பக்கத்துச் சீட்டின் மேல் போட்டு, பின்கண்ணாடி வழியாகத் தெருமுனையை மட்டும் பார்த்து அழுத்தினேன். கண்ணின் ஓரத்தில் கைப்பிடிகளும் கண்ணாடிகளும் வரிசையாக என்னைக் கடந்து ஓடின. எங்கேயோ ஒரு பக்கக் கண்ணாடி மடங்கிய சத்தம். நின்று மன்னிப்புக் கேட்க நேரமில்லை. பார்வையின் கீழ்ப்பாதியில் அண்ணியின் முகம் இருந்தது. பார்க்கக் கூடாது, பார்த்தால் கை ஆடிவிடும் என்று பார்க்காமலே வந்தேன்.

மெயின் ரோட்டில் வால் வெளியே வந்ததும் பிரேக் அக்கா சொன்னார், "டீச்சர், பதில் வரலை."

"அண்ணி."



"சிஸ்டர், பேசலை."

"மூச்சு இருக்கா பாருங்க. நெஞ்சு ஏறி இறங்குதா?"

"இறங்குது, ஏறுது," என்றார் பிரேக் அக்கா. "கன்னத்தைத் தட்டினா கண்ணைத் திறக்கிறாங்க. திறந்துட்டு மூடுறாங்க."

"எங்க இருக்கீங்க?"

"பெரிய சிக்னல்."

"ஒரு நிமிஷம்தான். வந்துடுங்க. நான் வாசல்ல நிக்கிறேன்."

அந்தச் சிக்னலில் என்ன நிறம் எரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போலீஸ்காரர் ஒருவர் விசிலை வாயில் வைத்தார், பின்சீட்டைப் பார்த்தார், விசிலை எடுத்துவிட்டு மற்ற பக்கத்தை நிறுத்தினார். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர், இரண்டு பேர், நடுவில் மூக்குக்கண்ணாடி. போனைக் காதில் வைத்தபடியே நின்றார். வண்டி நிற்பதற்குள் பின்கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. ஒரு கையில் ஒரு ஊசி, மறு கையில் இன்னொன்று, இரண்டிலும் பாட்டில் தொங்கியது. சின்னச் சின்னக் குழாய்களில் ரத்தம் எடுத்து, "வகை பாத்து ரெண்டு யூனிட் ரெடி பண்ணு" என்று ஒருவரை ஓடவிட்டார்கள். என்னைத் தலைமாட்டில் நிறுத்தினார் சிஸ்டர். "கையைப் பிடிச்சுக்கோங்க. கீழ பாக்காதீங்க, மேல பாருங்க."

மேலே ஒரு திரை. பிரஷர் எழுபதுக்கு நாற்பது. நாடித் துடிப்பு நாற்பத்தெட்டு.

குள்ளமாக ஒரு டாக்டரம்மா வந்தார். டப்பாவைத் திறந்து பார்த்தார், திரையைப் பார்த்தார், புருவத்தைச் சுருக்கினார்.

"இவ்ளோ ரத்தம் போயிருந்தா நாடி ஓடணும். இது ஏன் மெதுவா நடக்குது?"

அவருக்கே பதில் தெரிந்திருந்தது. கேட்டுக்கொண்டே கையுறையை மாட்டியாயிற்று.

"டப்பாவுல இருக்கிறது பாதிதான். மிச்சம் கருப்பை வாயில மாட்டிட்டிருக்கும். அது அங்க அடைச்சு, நரம்பை அழுத்திக்கிட்டு இருக்கிறவரை ரத்தமும் நிக்காது, நாடியும் ஏறாது. விரிச்சுப் பாக்க ஸ்பெகுலம் கொடுங்க. லைட்டை இந்தப் பக்கம்."

அண்ணியின் விரல்கள் என் கைக்குள் அசைந்தன. காதருகே குனிந்தேன். "அண்ணி, ரெண்டு ஓட்டைதான் ரவிக்கைக்கு" என்றேன். உதடு அசைந்த மாதிரி இருந்தது.

"தெரியுது," என்றார் டாக்டரம்மா. "ஃபோர்செப்ஸ். கொஞ்சம் இழுக்கும்மா, பொறுத்துக்கோ. இதோ... வந்துடுச்சு."

உலோகத் தட்டில் ஏதோ விழுந்த ஈரமான சத்தம். நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு. ஐம்பத்தொன்று. டாக்டரம்மா வயிற்றின் அடியில் கையை வைத்து, கருப்பை சுருங்க ஒரு ஊசி போடச் சொன்னார். அறுபது. எழுபத்திரண்டு. பிரஷர் கருவி கையை இறுக்கி, விம்மி, விட்டது. தொண்ணூறுக்கு ஐம்பத்தெட்டு.

"ரத்தம் குறையுது," என்றார் சிஸ்டர் கீழே குனிந்து பார்த்து. "சொட்டாத்தான் வருது இப்ப."

நான் மூச்சு விட்டது எனக்கே கேட்டது.

மத்தியானம் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே ஒன்றும் தங்கவில்லை. ரத்தம் ஒரு யூனிட் ஏறியது. மூன்று மணிக்கு அண்ணி தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்து, முதல் காரியமாக, "என் தாள் எங்க?" என்றார்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுச் சரிபார்த்தார்.

"ஒரு எண்கூட தப்பில்லை," என்றார். "அதான் பயமா இருக்கு."

அருகில் நின்ற சிஸ்டர் அந்தத் தாளை வாங்கிக்கொண்டார். "தப்பு உங்க மேல மட்டும் இல்லை. பேட் கணக்கை மட்டும் நான் கேட்டுக்கிட்டேன். போட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்களா, எங்க உக்காந்திருக்காங்கன்னு கேக்கலை. டாய்லெட்ல உக்காந்தா பேட் கணக்கு செல்லாதுன்னு எனக்குத் தெரியும். கேள்விப் பட்டியல்ல இல்லை, அதனால நாக்குல வரலை. இனிமே பட்டியல்ல இருக்கும்."

"நான் தலைசுத்தலை மறைச்சேன்," என்றேன். "போன தடவை சும்மா ஓடி வந்துட்டோம்னு வெக்கம்."

"போன தடவை உங்களை நாளைக்கு வாங்கன்னுதானே சொன்னேன், வராதீங்கன்னா சொன்னேன்?" சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டுட்டு வீட்டுக்குப் போறவங்களைப் பாத்து நாங்க சிரிக்க மாட்டோம். அதுக்குத்தான் நாங்க இருக்கோம். வீட்டுக்குப் போனப்புறம் ரெண்டு வாரம் லேசா கறை வரும், அது பரவாயில்லை. காய்ச்சலோ, நாத்தமோ, மறுபடி மணிக்கு ரெண்டு பேட்டோன்னா போன் எல்லாம் வேண்டாம், நேரா வாங்க."

"எந்த ரோட்ல வரணும்னு அவளுக்குத் தெரியும்," என்றார் அண்ணி. "லாரி இல்லாத ரோட்ல."

பிரேக் அக்கா சிரித்தார். அவர் இன்னும் போகவில்லை. விரிப்புகளை வாங்கிப் பையில் திணித்து வைத்துக்கொண்டு, வார்டு வாசலில் ஆஸ்பத்திரி லாண்டரிக்காரரோடு கறை எடுக்கும் சலவை சோடா விகிதம் பற்றித் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்.

சரியாக நாலு மணிக்கு என் போன் அடித்தது. திரையில் நீளமான கப்பல் எண். எடுக்காமல் அண்ணியைப் பார்த்தேன். காலையிலிருந்து மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றுகூட வாயில் நிற்கவில்லை. முதலில் எதைச் சொல்வது? எப்படிச் சொன்னால் அவன் நடுக்கடலில் உடைந்துபோகாமல் இருப்பான்?

அண்ணி கையை நீட்டினார். ஊசி குத்தியிருந்த கை. போனை அதில் வைத்தேன்.

"நான்தான்," என்றார். "இரு, குறுக்க பேசாத. வரிசையா சொல்றேன். நான் நல்லா இருக்கேன். ஆஸ்பத்திரில இருக்கேன். காலையில முடிஞ்சுடுச்சு."

அந்தப் பக்கம் அண்ணன் ஏதோ கேட்டான்.

"வலிச்சுது," என்றார் அண்ணி. "ரொம்ப வலிச்சுது."

அதற்குப் பிறகுதான் அவர் அழ ஆரம்பித்தார். நான் எழுந்து திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தேன்.